கவாஸ்கரை முந்திய மாப்ள

காணும் பொங்கலன்று பழைய தெரு நண்பர்கள் கூடி ஆடிவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதன் அடியில் 'மறக்க முடியாத நாள்' என்று எழுதினால் வாட்ஸ்அப் குழுவில் நாலு கட்டைவிரல்கள் விழும், அவ்வளவுதான். எந்த ஊர்ப் படத்துக்கும் ஒட்டுகிற வரி அது. யார் எப்படிச் சொதப்பினார் என்பது அந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டுமே சொந்தம். வரி அங்கிருந்துதான் பிறக்க வேண்டும்.

டென்னிஸ் பந்தில் ஆறு ஓவர் ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 14 பந்துக்குக் கட்டை போட்டு 3 ரன் எடுத்தார், அணி தோற்றது. 'இவனால்தான் தோற்றோம்' என்று எழுதினால் அது புகார். படிப்பவர் சிரிக்க மாட்டார், அவருக்கும் வலிக்கும். அதே தவறைச் செய்த பெரிய ஆட்டக்காரர் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். 1975 ஜூன் 7, லார்ட்ஸ் மைதானம், முதல் உலகக் கோப்பையின் தொடக்க நாள். இங்கிலாந்து 60 ஓவரில் 334 ரன் குவித்தது. தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய கவாஸ்கர் கடைசிவரை அவுட்டாகாமல் நின்று, 174 பந்தில் எடுத்தது 36. இந்தியா 202 ரன்னில் தோற்றது.

இப்போது கணக்குப் போடுவோம். நூறு பந்துக்கு கவாஸ்கர் ஏறக்குறைய 20.7 ரன், நம் நண்பர் 21.4. ஆக வரி இப்படி வரும்: "லார்ட்ஸில் கவாஸ்கர் 174 பந்தில் 36. நம்ம தெருவில் மாப்ள 14 பந்தில் 3. வேகத்தில் மாப்ளதான் முந்தினான்." இதில் ஒரு பொய்யும் இல்லை. கட்டை போட்டதை எல்லாருக்கும் சொல்லியாயிற்று, ஆனால் வரி அவர் ஜெயித்ததாக முடிகிறது. அதனால் அவரே அதை அடுத்த குழுவுக்கு அனுப்புவார்.

கேட்ச் விட்டவருக்கு 1999 உலகக் கோப்பை இருக்கிறது. பிடித்த பந்தைக் கொண்டாட்டமாகத் தூக்கி எறியப் போய் கிப்ஸ் நழுவவிட்டார். தப்பிய ஸ்டீவ் வாஹ் 120 ரன் அடித்து ஆஸ்திரேலியாவை ஜெயிக்க வைத்தார். "கிப்ஸாவது ஒரு நொடி கையில் வைத்திருந்தார், மச்சான்" என்பது போதும்.

கலாய்ப்பு ஆட்டத்தோடு நிற்க வேண்டும். தொந்தி, வழுக்கை, வேலை, சம்பளம் பக்கம் போனால் அங்கே நட்பு கசக்கும். சண்டையில் முடிந்த ரன் அவுட்டையும் தொடாதீர்கள். எல்லாரும் சிரிக்க, சம்பந்தப்பட்டவர் மட்டும் பதிலே போடாமல் இருந்தால் வரியை நீக்கிவிட்டு அவருக்கு ஒரு போன் போடுங்கள்.

ஆள் ஒற்றைப்படையாக வந்தால் இரு பக்கமும் ஆடும் ஜோக்கர் ஒருவர் இருப்பாரே, அவருக்கு ஒப்பீடே வேண்டாம்: "இரண்டு டீமுக்கும் ஆடினான். பாரபட்சமே இல்லை, இரண்டிலும் முட்டை."