டி.ஆர். தேதி முடிந்துவிட்டதா? வண்டியை எடுக்காதீர்கள்!

மாட்டுத்தாவணியிலோ கப்பலூரிலோ லாரி ஓட்டுநரிடம் லைசென்ஸைப் பற்றிக் கேட்டால், "2034 வரைக்கும் இருக்குண்ணே" என்று அட்டையை நீட்டுவார். அவர் விரல் வைப்பது NT என்ற எழுத்துக்கு நேரே உள்ள தேதியில். அது பைக்குக்கும் சொந்தக் காருக்கும் உரியது. லாரி, பஸ் ஓட்டுகிறவருக்குச் சோறு போடும் தேதி TR என்று இருக்கும். அதற்கு ஆயுள் ஐந்தே ஆண்டு. பிழைப்பே அந்தத் தேதியில் இருக்கிறது; அதையோ பொடி ஆங்கில எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள்.

"முடிஞ்சாலும் ஒரு மாசம் ஓட்டலாம்" என்று இன்னமும் ஆர்.டி.ஓ. வாசலில் புரோக்கர்கள் சொல்கிறார்கள். நம்பாதீர்கள். அந்த 30 நாள் சலுகை 2019 சட்டத் திருத்தத்தோடு போய்விட்டது. தேதி முடிந்த மறுநாளே உங்களிடம் லாரி ஓட்டும் உரிமம் இல்லை.

ஒருவருடைய டி.ஆர். 10.3.2025 அன்று முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். 10.3.2026க்குள் விண்ணப்பித்தால் ஓட்டிக் காட்டாமலே புதுப்பிக்கலாம். அதைத் தாண்டினால், அதே வகைக் கனரக வண்டியைக் கொண்டுபோய் மோட்டார் வாகன ஆய்வாளர் முன் மறுபடி ஓட்டித் தேற வேண்டும்.

அவர் 20.6.2025 அன்று புதுப்பித்தார் என்றால், உரிமம் அன்றிலிருந்துதான் செல்லும். இடைப்பட்ட மூன்று மாதத்துக்கும் மேலான காலம் வெற்றிடம்தான். அப்போது விபத்து நடந்திருந்தால், காப்பீட்டு நிறுவனம் காயம்பட்டவருக்குக் கொடுத்த பணத்தை வண்டி உரிமையாளரிடம் வசூலிக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம். பின்னால் புதுப்பித்த அட்டை அதைத் தடுக்காது. பிடிபட்டால் ஓட்டியவருக்கும், வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் தனித்தனியே 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு. சாவியைக் கொடுக்குமுன் அட்டையைப் பார்க்காத முதலாளிகளே, இது உங்களுக்கும்தான்.

7,500 கிலோவுக்கு மேற்படாத வண்டிகளை, செல்லுபடியாகும் எல்.எம்.வி. உரிமத்தோடு ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. லாரிக்காரர்கள் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். கனரக வண்டிக்கு அது பொருந்தாது.

தேதி முடிந்திருந்தால் முதலில் வண்டியை நிறுத்துங்கள். பிறகு மருத்துவரிடம் படிவம் 1ஏ வாங்குங்கள். நாற்பது வயதுக்குக் கீழே இருந்தாலும் டி.ஆர். புதுப்பிக்க அது கட்டாயம். புகைப்படம், மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண்ணோடு முத்திரை மூன்றும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். அடுத்து parivahan.gov.in தளத்தில் ஓட்டுநர் உரிமச் சேவையில் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து, புதுப்பித்தலுக்கு உரிம எண்ணும் பிறந்த தேதியும் கொடுங்கள். ஆவணங்களை ஏற்றி, திரையில் காட்டும் கட்டணத்தைக் கட்டி, ஒப்புகையை அச்செடுத்து, அசல் அட்டையோடு உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போங்கள்.

விண்ணப்ப ஒப்புகை உரிமம் ஆகாது. புதுப்பித்த தேதி ஏறும்வரை ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். முடிவதற்கு ஓராண்டு முன்பே விண்ணப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. இன்றே TR தேதியைப் பாருங்கள்.