முழங்கால் மடங்கியதா?
பள்ளி ஜிம்னாஸ்டிக்ஸில் மாணவர்களே நடுவர்களாகும் தாள்

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஜிம்னாஸ்டிக்ஸ் தரைப் பயிற்சித் தொடர் ஒன்றைச் செய்து முடிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முன் குட்டிக்கரணம், ஒற்றைக்கால் சமநிலை, கார்ட்வீல், அரைச் சுற்றுத் தாவல், நிறைவு நிலை என ஐந்தே அசைவுகள். அரை நிமிடத்தில் முடிந்துவிடும். "எப்படிடி இருந்துச்சு?" என்று தோழியிடம் கேட்டால், "சூப்பர்" என்பாள். சரி, கையில் ஒரு தாளைக் கொடுத்து, 'உடல் கட்டுப்பாடு: ஐந்துக்கு எத்தனை?' என்று கேட்டால், நான்கு என்று எழுதித் தருவாள். அதுவும் "சூப்பர்"தான், எண்ணில் எழுதிய சூப்பர்.

தோழியைக் குறை சொல்லிப் பயனில்லை. 'உடல் கட்டுப்பாடு', 'நளினம்', 'லாவகம்' ஆகியவற்றை எங்கே பார்ப்பது, எந்த நொடியில் பார்ப்பது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. போதாததற்கு, 'நளினம்' என்ற கட்டத்தை வைத்தால் பிள்ளைகள் அசைவை விட்டுவிட்டு உடம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். பருவ வயதுப் பிள்ளைகளின் வகுப்பில் அது வேண்டாத வினை.

கண்ணில் படுவதைக் கேட்க வேண்டும்

சர்வதேசப் போட்டிகளில் 2006 முதல் இரண்டு மதிப்பெண்கள் தனித்தனியாகப் போடப்படுகின்றன. அசைவு எவ்வளவு கடினமானது என்பதற்கு ஒன்று, அதை எவ்வளவு சுத்தமாகச் செய்தார் என்பதற்கு இன்னொன்று. சுத்தத்துக்கான மதிப்பெண் பத்தில் தொடங்கும். சிறு பிழைக்கு 0.10, நடுத்தரப் பிழைக்கு 0.30, பெரிய பிழைக்கு 0.50, கீழே விழுந்தால் 1.00 என்று கழியும்.

பள்ளிக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பிரிவினையை மட்டும்தான். கடினத்தை ஆசிரியர் முன்னதாகவே முடிவு செய்துவிடலாம். இன்னின்ன அசைவுகளில் ஐந்தைத் தேர்ந்தெடுத்துக்கொள் என்று பட்டியல் கொடுத்தால் போதும். சக மாணவர் பார்க்க வேண்டியது சுத்தம் ஒன்றைத்தான். பிழை சிறிதா நடுத்தரமா என்று எடைபோடுவது பயிற்சி பெற்ற நடுவரின் வேலை. பதினான்கு வயதுப் பிள்ளையிடம் 'ஆம்', 'இல்லை' என்ற பதிலைத்தான் நம்பிக் கேட்க முடியும்.

ஆகவே ஒவ்வொரு கேள்வியும் ஒரு நொடியில், ஓரிடத்தில் கண்ணில் படுவதாக இருக்க வேண்டும். மேலே சொன்ன தொடருக்கு இப்படி எழுதலாம்:

1. குட்டிக்கரணம்: கையைத் தரையில் ஊன்றாமல் எழுந்தாளா?
2. சமநிலை: மூன்று நொடி அசையாமல் நின்றாளா?
3. கார்ட்வீல்: கால்கள் தலைக்கு நேர் மேலாகச் சென்றனவா, பக்கவாட்டில் சுற்றி வந்தனவா?
4. கார்ட்வீல்: தலைகீழாக இருந்தபோது முழங்கால்கள் நீண்டிருந்தனவா?
5. தாவல்: இரு காலும் ஒன்றாக இறங்கி, அடி எடுத்து வைக்காமல் நின்றாளா?

மூன்று நொடியை மனத்துக்குள் எண்ணினால் தோழிக்காக எண்ணிக்கை வேகமாக ஓடும். ஸ்டாப்வாட்ச் இருந்தால் நல்லது. இல்லையேல் 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு' என்று வாய்விட்டு எண்ணச் சொல்லலாம்.

எங்கே உட்கார்ந்து பார்ப்பது?

பெரும்பாலான தாள்கள் கோட்டைவிடும் இடம் இது. மூன்றாவது கேள்விக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தால் விடை கிடைக்காது. கால் நேர் மேலே போனாலும் சற்றுச் சுற்றிப் போனாலும் அங்கிருந்து ஏறக்குறைய ஒன்றாகத்தான் தெரியும். மெத்தையில் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டின் முனையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் கால்கள் கோட்டை விட்டு விலகுவது பளிச்சென்று தெரியும். முழங்கால் பற்றிய நான்காவது கேள்விக்கோ பக்கவாட்டுதான் சரியான இடம். எனவே கேள்விக்கு எதிரே 'முனை' அல்லது 'பக்கம்' என்று அச்சடித்துவிட வேண்டும்.

இரண்டு பார்வையாளர்கள் இருந்தால் முனையில் ஒருவர், பக்கத்தில் ஒருவர். ஆளுக்கு இரண்டு அல்லது மூன்று கேள்விக்கு மேல் கொடுக்கக் கூடாது. குனிந்து எழுதினால் அடுத்த அசைவு போய்விடும் என்பதால், தொடர் முடியும்வரை பேனாவைக் கீழே வைக்கச் சொல்ல வேண்டும். பக்கத்தில் நின்று தாங்கிப் பிடிப்பவரிடம் தாளைக் கொடுக்கவே கூடாது. அவர் கண் தோழியின் பாதுகாப்பில் மட்டும் இருக்கட்டும்.

சுயமதிப்பீட்டுத் தாள் வேறு தாள்

இதே ஐந்து கேள்விகளை 'செய்தேனா?' என்று மாற்றிச் செய்தவளிடமே நீட்டுவது எளிது. ஆனால் தலைகீழாக இருக்கும் ஒருத்தியால் தன் முழங்காலைப் பார்க்க முடியாது. புதிதாகக் கார்ட்வீல் பழகும் பிள்ளைகள் பலர், கால் இடுப்பு உயரத்தில் சுற்றி வரும்போதே அது வானத்தைத் தொட்டதாக நினைப்பார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியது, வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாததை. குட்டிக்கரணத்தில் தரையில் முதலில் பட்டது உச்சந்தலையா, பின்தலையா? கார்ட்வீலில் உடம்பின் எடை இரண்டு கைகளிலும் முழுதாக இறங்கியதை உணர்ந்தாயா? எந்த இடத்தில் பயம் வந்தது?

இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால்தான் பயன் தெரியும். நம் மாணவியின் கார்ட்வீலை எடுத்துக்கொள்வோம். முனையில் இருந்த தோழி, 'கால்கள் சுற்றி வந்தன' என்று எழுதியிருக்கிறாள். மாணவி தன் தாளில், 'எடை கைக்கு வரவில்லை, கை வழுக்கிவிடுமோ என்று பயந்தேன்' என்று எழுதியிருக்கிறாள். தோழி கண்டது விளைவு, இவள் எழுதியது காரணம். கையை நம்பாததால் இடுப்பு தோளுக்கு மேலே ஏறவில்லை. இடுப்பு ஏறாததால் கால் சுற்றிக்கொண்டு போனது. 'காலை நேராக்கு' என்று சொல்லிக்கொண்டிருந்தால் இது தீராது. சுவரில் காலைச் சாய்த்துக் கைகளில் நின்று பழகி, கை பலத்தின் மேல் நம்பிக்கை வந்த பிறகு கார்ட்வீலுக்குத் திரும்ப வேண்டும். இதைக் கண்டுபிடிக்க ஆசிரியருக்கு இரண்டு தாளும் தேவைப்பட்டன.

ஒரு நிபந்தனை உண்டு. தோழியின் தாளைப் பார்ப்பதற்கு முன்பே சுயமதிப்பீட்டை எழுதிவிட வேண்டும். பார்த்த பிறகு எழுதினால், தான் உணர்ந்ததை விட்டுவிட்டு அவள் சொன்னதையே எழுதுவாள்.

தாள் பொய் சொல்வதை எப்படி அறிவது?

வகுப்பின் தாள்களையெல்லாம் ஒரு முறை புரட்டினாலே தெரியும். எல்லாத் தாளிலும் எல்லாக் கட்டத்திலும் 'ஆம்' என்றிருந்தால், நட்பு எழுதியிருக்கிறது. ஒரே இடத்திலிருந்து ஒரே அசைவைப் பார்த்த இருவர், ஒரு கேள்விக்கு மட்டும் அடிக்கடி வேறுவேறு பதில் தந்தால், கேள்வி தெளிவாக இல்லை என்று பொருள். அந்த வரியைத் திருத்த வேண்டும்.

நட்பு எழுதுவதைத் தடுக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, சக மாணவரின் தாள் மதிப்பெண்ணில் சேராது என்று முன்பே அறிவித்துவிடுவது. இறுதி மதிப்பெண் ஆசிரியருடையது; தாள் திருத்திக்கொள்வதற்கு மட்டுமே. இரண்டாவது, தாளைக் கொடுப்பதற்கு முன்பு ஒத்திகை. முழங்காலை வேண்டுமென்றே மடக்கி ஒன்று, நீட்டி ஒன்று என்று யாரையாவது கார்ட்வீல் செய்யச் சொல்லி, வகுப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் கை தூக்கிப் பதில் சொல்ல வைக்கலாம். பதில்கள் பிரியும் இடத்தில் அசைவை மீண்டும் செய்து காட்டினால் கண் பழகிவிடும். சர்வதேசப் போட்டியிலேயே பல நடுவர்கள் தனித்தனியாக மதிப்பிட்டு, மிக அதிகமானதையும் மிகக் குறைவானதையும் நீக்கிவிட்டுத்தான் சராசரி எடுக்கிறார்கள். ஒற்றைக் கண்ணை அங்கேயும் நம்புவதில்லை.

சில வகுப்புகள் போன பிறகு, ஏறக்குறைய எல்லாரும் உண்மையாகவே 'ஆம்' வாங்கும் கேள்வி ஒன்று தென்படும். பெரும்பாலும் அது கை ஊன்றாமல் எழும் முதல் கேள்வியாக இருக்கும். அதை அடித்துவிட்டு, 'எழுந்த வேகத்திலேயே அடுத்த அசைவுக்குப் போனாளா?' என்று அடுத்த படியை எழுதிக்கொள்ளலாம். தாளில் ஐந்து வரிக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.