இரண்டு கிலோவாட்டில் நூறு கேவிஏவுக்குச் சோதனை

தெருமுனைக் கம்பத்தில் தொங்கும் 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 11,000 வோல்ட்டை வாங்கி 433 வோல்ட்டாகத் தருவது அதன் வேலை. முழுச் சுமையில் அது எவ்வளவு மின்சாரத்தை வெப்பமாக வீணாக்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உள்ளே போவதையும் வெளியே வருவதையும் அளந்து கழித்தால் போதும் என்றுதான் முதலில் தோன்றும்.

அந்த வழி கைகொடுக்காது. நூறு கிலோவாட்டைத் தின்னும் சுமைக்கு எங்கே போவது? சுமை கிடைத்தாலும் கணக்கு உதைக்கும். அரை சதவீதப் பிழையுள்ள நல்ல மீட்டரே 500 வாட் முன்பின்னாகக் காட்டலாம். இருபுறமும் சேர்ந்தால் ஆயிரம். தேடும் இழப்போ வெறும் இரண்டாயிரம் வாட் சொச்சம். அதனால் தொழிற்சாலைச் சோதனைக்கூடத்தில் இழப்பை மட்டும் தனியே பிடிக்கிறார்கள்.

அதற்கு அடிப்படை சமானச் சுற்று. டிரான்ஸ்பார்மரின் குறைகளையெல்லாம் நான்கு உறுப்புகளாக வரைந்துகொள்ளும் படம் அது. சுருளின் மின்தடையும், இரு சுருள்களையும் சேர்த்துப் பிணைக்காமல் கசியும் காந்தப்புலத்தால் வரும் ரியாக்டன்ஸும் தொடராக நிற்கும். சுமை மின்னோட்டம் அவற்றின் வழியே ஓடுகிறது. இரும்பு உள்ளகம் சூடாவதைக் குறிக்கும் மின்தடையும், அதைக் காந்தமாக்கும் மின்னோட்டத்துக்கான ரியாக்டன்ஸும் பக்கவாட்டில் இணையாக நிற்கும். இவை வோல்ட்டைப் பொறுத்தவை. சுமை கூடினாலும் குறைந்தாலும் பெரிதாக மாறுவதில்லை.

முதல் சோதனை திறந்த சுற்றுச் சோதனை. 11,000 வோல்ட் பக்கத்தை எதனோடும் இணைக்காமல் விட்டு, 433 வோல்ட் பக்கத்தில் முழு வோல்ட்டைக் கொடுக்கிறார்கள். நம் டிரான்ஸ்பார்மர் 2.7 ஆம்பியர் இழுக்கிறது, வாட் மீட்டர் 260 காட்டுகிறது என்று வைப்போம். முழுச் சுமை மின்னோட்டம் 133 ஆம்பியர், 2.7 ஆம்பியரில் சுருளில் வீணாவது ஒரு வாட்டுக்கும் குறைவு. ஆகவே 260 வாட்டும் இரும்பின் கணக்கு. பவர் ஃபேக்டர் வெறும் 0.13 என்பதால், சாதாரண வாட் மீட்டரை நம்பினால் ஏமாற்றம்தான்; குறைந்த பவர் ஃபேக்டருக்கென்றே செய்த மீட்டர் வேண்டும். சுருளில் ஒன்றிரண்டு சுற்றுகள் தமக்குள் ஒட்டிப்போயிருந்தாலும் இங்கேயே தெரிந்துவிடும்: மின்னோட்டமும் வாட்டும் வழக்கத்தைவிடத் தாவி நிற்கும்.

இரண்டாவது, குறுக்குச் சுற்றுச் சோதனை. இப்போது 433 வோல்ட் முனைகளைத் தடித்த செம்புப் பட்டையால் ஒன்றாகக் கட்டிவிட்டு, மறுபக்கத்தில் வோல்ட்டைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுகிறார்கள். 5.25 ஆம்பியர், அதாவது அந்தப் பக்கத்தின் முழு மின்னோட்டம் வந்ததும் நிறுத்த வேண்டும். அப்போது வோல்ட் மீட்டரில் 495தான் இருக்கும், 11,000-இல் 4.5 சதவீதம். அவ்வளவு குறைந்த வோல்ட்டில் இரும்பு சூடாவதே இல்லை எனலாம். வாட் மீட்டர் காட்டும் 1500 வாட் முழுக்கச் சுருளின் இழப்பு. ஒரு ஃபேசுக்கு இம்பிடன்ஸ் 54 ஓம் என்று கிடைக்கிறது.

பெயர்ப்பலகையில் பொறிக்கும் இம்பிடன்ஸ் சதவீதம் இந்த 4.5-தான். முழு வோல்ட் இருக்கும்போது டிரான்ஸ்பார்மரின் முனையிலேயே ஷார்ட் ஆனால், முழு மின்னோட்டத்தைப் போல் 22 மடங்கு, கிட்டத்தட்ட 3000 ஆம்பியர் பாயும் என்று அதிலிருந்து சொல்லிவிடலாம்.

சோதனைக்கூடத்தில் சுருள் குளிர்ந்திருக்கும். வேலை செய்யும்போது கொதிக்கும். செம்பின் மின்தடை சூட்டோடு கூடுவதால், 30 டிகிரியில் எடுத்த 1500 வாட்டை 75 டிகிரிக்குத் திருத்த 310-ஐ 265-ஆல் வகுத்துப் பெருக்குகிறார்கள். ஏறத்தாழ 1750 வாட் வருகிறது. இந்தத் திருத்தத்தை விட்டுவிட்டால் டிரான்ஸ்பார்மர் உண்மையைவிட நல்லதாகத் தெரியும். திருத்திய மின்தடை ஃபேசுக்கு 21 ஓம், ரியாக்டன்ஸ் 51 ஓம்.

இனி எந்தச் சுமைக்கும் திறனைச் சொல்லலாம். பவர் ஃபேக்டர் 1-ல் முழுச் சுமையில் இழப்பு 260-ம் 1750-ம் சேர்ந்து 2010 வாட், திறன் 98.03 சதவீதம். பாதிச் சுமையில் மின்னோட்டம் பாதியாகும்போது சுருள் இழப்பு நாலில் ஒரு பங்காகிவிடுகிறது, திறன் 98.62-க்கு ஏறுகிறது. இரண்டு இழப்பும் சமமாகும் இடம் உச்சம்: இங்கே அது 38 சதவீதச் சுமை.

உச்சத்தை இவ்வளவு கீழே வைப்பதில் காரணம் உண்டு. தெரு டிரான்ஸ்பார்மர் மாலையில் ஆறு மணி நேரம் 80 கேவிஏ, மீதி 18 மணி நேரம் 20 கேவிஏ சுமக்கிறது என்போம். சுருள் தின்பது நாளுக்கு 8 யூனிட். இரும்போ, தெருவே தூங்கும்போதும் விடாமல் தின்று 6.24 யூனிட்டைத் தொட்டுவிடுகிறது. ஆண்டுக்கு 2,278 யூனிட்.