டயரின் பக்கச்சுவர் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?

காரின் டயரில் 195/55 R16 என்று அச்சிட்டிருந்தால், 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். நடுவிலுள்ள 55 இரண்டிலும் சேராது. டயரின் பக்கச்சுவர் அதன் அகலத்தில் எத்தனை சதவீத உயரம் என்பதைச் சொல்லும் உயர விகிதம் அது. 195-இல் 55 சதவீதம் என்றால் ஏறக்குறைய 107 மி.மீ. விகிதம் என்பதால் அகலம் மாறினால் உயரமும் மாறிவிடும். 185/65 டயரின் பக்கச்சுவர் 120 மி.மீ.; அதே 65-ஐ வைத்துக்கொண்டு அகலத்தை மட்டும் 195 ஆக்கினால் அது 127 மி.மீ. ஆகிறது.

டயர் மாற்றும்போது பலரும் ரிம்மையும் பெரிதாக்க நினைக்கிறார்கள். ஆனால் சக்கரத்தின் மொத்த உயரத்தை அதிகம் மாற்ற முடியாது. மாற்றினால் ஸ்பீடோமீட்டர் தவறாகக் காட்டும், ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது டயர் உள்பக்கம் உரசவும் கூடும். ஆகவே ரிம் வளர்ந்த அளவுக்குப் பக்கச்சுவர் குறைந்தே ஆக வேண்டும். மாருதி பலேனோவில் இதைப் பார்க்கலாம். அதன் விலை குறைந்த ரகங்கள் 185/65 R15 டயருடனும், விலை கூடியவை 195/55 R16 டயருடனும் விற்பனையாகி வந்திருக்கின்றன. இரண்டின் மொத்த விட்டமும் 621 மி.மீ. அளவில்தான் இருக்கிறது. வேறுபாடு பக்கச்சுவரில்: 15 அங்குல ரிம்முக்கு 120 மி.மீ., 16 அங்குல ரிம்முக்கு 107 மி.மீ.

வெறும் 13 மி.மீ. தானே என்று தோன்றும். ஆனால் பக்கச்சுவரின் முழு உயரமும் அதிர்வைத் தாங்கக் கிடைப்பதில்லை. காரின் எடையால் டயர் நின்ற நிலையிலேயே கொஞ்சம் அமுங்கியிருக்கும். மிச்சமிருக்கும் இடத்தில்தான் அது மேலும் அமுங்கி, தார்ச்சாலையின் ஒட்டுகளையும் சிறு கற்களையும் ஸ்பிரிங்குக்கு அனுப்பாமல் தானே விழுங்குகிறது. தடிமனான வேகத்தடையில் இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது, அது ஸ்பிரிங்கின் வேலை. சிறு கரடுமுரடுகள் தொடர்ந்து வரும் சாலையில்தான் உட்கார்ந்திருப்பவருக்கு அது உடனே தெரியும்.

மழைக்காலத்துப் பள்ளத்தில் விஷயம் இன்னும் கடுமையாகிறது. வேகமாக வரும் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கி எதிர்விளிம்பில் மோதும்போது, டயர் முழுதாக அமுங்கிவிட்டால் பக்கச்சுவர் ரிம்மின் உதட்டுக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவே நசுங்குகிறது. பக்கச்சுவருக்குள் ஓடும் நூலிழைகள் அங்கே அறுகின்றன. ரப்பர் கிழியாமல் இருக்கலாம். ஆனால் இழை அறுந்த இடத்தில் உள்ளிருக்கும் காற்று ரப்பரை வெளியே தள்ளி, கோழிமுட்டை போல ஒரு புடைப்பை உண்டாக்கும். அந்த டயருக்குப் பஞ்சர் கடையில் வைத்தியம் கிடையாது, மாற்றத்தான் வேண்டும். புடைப்பு உள்பக்கச் சுவரிலும் வரலாம், ரிம்மின் உள் உதடும் வளைந்திருக்கலாம். இரண்டுமே வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பலத்த அடிக்குப் பிறகு நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினாலோ, காற்று மெல்லமெல்லக் குறைந்தாலோ சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. காற்று குறைந்த டயர் இதே அடியில் இன்னும் எளிதாக நசுங்கும். சொகுசுக்காகக் காற்றைக் குறைத்து ஓட்டுவது அதனால்தான் தப்புக் கணக்கு.

உயரம் குறைந்த சுவருக்குப் பலனே இல்லாமல் இல்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் உயரமான சுவர் முதலில் பக்கவாட்டில் வளைகிறது, பிறகுதான் கார் திரும்பத் தொடங்குகிறது. குட்டையான சுவர் அந்தச் சிறு தாமதத்தைக் குறைப்பதால் மலைப்பாதை வளைவுகளில் கார் சொன்னபடி கேட்பதாகத் தோன்றும். இது வேகமாகக் கீழ்ப்படிவதே தவிர, கூடுதல் பிடிப்பு என்று அர்த்தமல்ல. பிடிப்பைப் பெரிதும் தீர்மானிப்பது ரப்பர் கலவையும் பூ தேய்மானமும். நகருக்குள்ளேயே ஓடும் காருக்கு இந்தக் கூர்மைக்காகப் பள்ளத்தின் ஆபத்தை வாங்குவது லாபமான பேரமல்ல.

பலேனோவின் சொந்தக்காரர் 17 அங்குலத்துக்குப் போக விரும்பினால், மொத்த விட்டம் ஏறக்குறைய ஒத்துவரும் அளவு 205/45 R17. அதில் பக்கச்சுவர் 92 மி.மீ. தான். பளு தாங்கும் திறனும் குறையக்கூடும். டயரில் அளவுக்குப் பின்னால் வரும் எண் அதற்கான குறியீடு: 87 என்றால் ஒரு டயர் 545 கிலோ தாங்கும், 84 என்றால் 500 கிலோ. 205/45 R17 அளவில் சாதாரண ரகம் 84-இல் வருகிறது; வலுவூட்டிய ரகத்தை வாங்கினால்தான் 88 கிடைக்கும். மாறாக, மோசமான சாலையில் அன்றாடம் ஓட்டுபவர் 16-இலிருந்து 15-க்கு இறங்கலாம். ரிம்முக்கும் புதிதாகச் செலவாகும். நிறுவனமே அதே காருக்குத் தந்த அளவு என்பதால் ஸ்பீடோமீட்டர் பிரச்சினை இல்லை. ஆனால் அந்த ரகத்தின் பிரேக் பெரியதாக இருந்தால் சிறிய ரிம் அதில் இடிக்கக்கூடும் என்பதால், வாங்குவதற்கு முன் ஒரு 15 அங்குல ரிம்மை முன்சக்கரத்தில் மாட்டிச் சுற்றிப் பார்க்க வேண்டும்.