ஷேடோபேனா, முதல் நாலு நொடியா?

ஆரி வேலைப்பாடு செய்த ரவிக்கைகளை இன்ஸ்டாகிராமில் விற்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவரை இரண்டாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். ஐயாயிரம் பேர் வரை பார்த்துவந்த ரீல்கள், ஒரு மாதமாக முந்நூறைத் தாண்டவில்லை. “உனக்கு ஷேடோபேன் விழுந்திருக்கு. மூணு நாள் எதுவும் போடாதே, ஹேஷ்டேக்கை எல்லாம் எடுத்துடு” என்கிறார் தோழி. கிட்டத்தட்ட வேப்பிலை அடிக்கிற வைத்தியம்தான்.

ஷேடோபேன் என்றால், நமக்குச் சொல்லாமலே நம் பதிவுகளை மறைத்துவைப்பது. அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்று அடித்துச் சொல்ல முடியாது. 2018-இல் ட்விட்டர் அதை மறுத்தது. ஆனால் சில கணக்குகளைத் தேடலிலும் டிரெண்டிங்கிலும் வராமல் தடுக்கும் குறிகள் அங்கே இருந்ததை 2022 டிசம்பரில் வெளியான உள் ஆவணங்கள் காட்டின. ஆகவே சந்தேகப்படுவதில் தவறில்லை. சோதித்துப் பார்க்காமல் இருப்பதுதான் தவறு.

இன்ஸ்டாகிராமின் அமைப்புகளில் Account Status என்றொரு பக்கம் இருக்கிறது. நம்மைப் பின்தொடராதவர்களுக்கு நம் பதிவுகள் பரிந்துரைக்கப்படுமா என்பதை அது சொல்லும். தடை இருந்தால் அதற்குக் காரணமான பதிவையும் காட்டும். அதை நீக்கலாம், மறுபரிசீலனையும் கேட்கலாம். உதாரணமாக, அடுத்தவர் வீடியோக்களை அப்படியே எடுத்து 30 நாளில் பத்து முறையோ அதற்கு மேலோ போடும் கணக்குகளைப் பரிந்துரைக்க மாட்டோம் என்று 2024-இல் அறிவித்தார்கள். நிறுவனமே தன்னைப் பற்றித் தரும் சான்றிதழ்தான் இது என்றாலும், முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

நம் ரவிக்கைக்காரரின் பக்கத்தில் எந்தக் குறையும் இல்லை. அடுத்து, ரீலின் புள்ளிவிவரத்தைத் திறக்கிறார். முன்பு பார்த்த ஐயாயிரம் பேரில் பெரும்பாலோர் அவரைப் பின்தொடராதவர்கள். இப்போதைய முந்நூறு பேரில் அநேகமாக எல்லோரும் பின்தொடர்கிறவர்கள். அதாவது, சொந்தக்காரர்களுக்குப் பந்தி நடக்கிறது, வெளியூர்க்காரர்கள்தான் வரவில்லை.

ஏன்? புதியவர்களுக்கு ஒரு ரீலைக் காட்டலாமா என்பதை, பார்த்தவர்கள் எவ்வளவு நேரம் பார்த்தார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்பினார்கள் என்பவை பெரிதும் தீர்மானிக்கின்றன. அவர் ரீலில் எவ்வளவு பேர் எதுவரை தங்கினார்கள் என்ற கோடு மூன்றாவது நொடியிலேயே பாதிக்குக் கீழே சரிந்திருந்தது. பழைய ரீல்கள், ஊசி துணியில் இறங்குவதிலிருந்து தொடங்கின. போன மாதம் யாரோ செய்துகொடுத்த கடை லோகோ, இப்போது முதல் நாலு நொடியைச் சுழன்று சுழன்று தின்கிறது. ரவிக்கை வருவதற்குள் விரல் தள்ளிவிடுகிறது.

அந்த லோகோவை மட்டும் கடைசிக்கு மாற்றி ஐந்தாறு ரீல் போட்டுவிட்டு, பின்தொடராதவர்களின் பங்கு ஏறுகிறதா என்று பாருங்கள். அதுவரை ஹேஷ்டேக்குகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.