எதிர் சீட்டில் அதே புத்தகம்

தினமும் ஒரே ரயிலில் வேலைக்குப் போகிற ஒருவர். எதிர் சீட்டில் முகம் தெரிந்த, பெயர் தெரியாத இன்னொருவர். அவர் கையில் எப்போது பார்த்தாலும் அதே புத்தகம். சிறுகதைக்கு இதைவிட வசதியான கரு அமைவது அரிது. இடம் தயாராக இருக்கிறது, ஆட்கள் தயாராக இருக்கிறார்கள், “ஏன் அதே புத்தகம்?” என்ற கேள்வியும் முதல் பத்தியிலேயே வாசகர் மனதில் விழுந்துவிடுகிறது.

ஆனால் இப்படித் தொடங்கும் கதை பெரும்பாலும் மூன்றாம் பக்கத்தில் சரிந்துவிடும். ஒருநாள் அவர் துணிந்து, “என்ன புத்தகம் படிக்கிறீங்க?” என்று கேட்பார். எதிரில் இருப்பவர் நிமிர்ந்து, மறைந்த கணவர் கடைசியாகப் படித்த புத்தகம் என்பார். கண் கலங்கும். இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்துவிடும். வாசகருக்கு இதில் நம்பிக்கை வராது. தினமும் ரயிலில் போகிறவர்களுக்கோ கொஞ்சமும் வராது, ஏனென்றால் அப்படி யாரும் கேட்பதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். ஏன் கேட்பதில்லை என்பதற்குள்தான் உண்மையான கதை இருக்கிறது. அதை ஒரு உளவியலாளர் ரயில் நிலையத்துக்கே போய் ஆராய்ந்திருக்கிறார்.

அவர் ஸ்டான்லி மில்கிராம். மேலதிகாரி சொன்னால் ஒரு சாதாரண மனிதர் இன்னொருவருக்கு எவ்வளவு தூரம் மின் அதிர்ச்சி கொடுப்பார் என்று 1960களின் தொடக்கத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பெயர் பெற்றவர். பின்னாளில் நியூயார்க்கில் ஆசிரியராக இருந்தபோது, தன் ஸ்டேஷனில் பல வருடங்களாகப் பார்த்தும் ஒரு வார்த்தைகூடப் பேசாத முகங்கள் இருப்பதைக் கவனித்தார். இவர்களை முழு அந்நியர் என்று சொல்ல முடியாது, தெரிந்தவர் என்றும் சொல்ல முடியாது. ‘தெரிந்த அந்நியர்’ என்று அவர்களுக்குப் பெயர் வைத்தார்.

அவருடைய மாணவர்கள் காலை நேரத்தில் ஸ்டேஷன்களுக்குப் போய், ரயிலுக்குக் காத்திருந்தவர்களைக் கூட்டமாகப் படம் பிடித்தார்கள். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு எண் போட்டு, படத்தை நகலெடுத்து, அடுத்த வாரம் அதே ஸ்டேஷனில் அதே பயணிகளிடம் கொடுத்தார்கள். இதில் யாரோடு பேசியிருக்கிறீர்கள், யாரைப் பார்த்த ஞாபகம் மட்டும் இருக்கிறது, யாரைத் தெரியவே தெரியாது என்று கேட்டார்கள். பத்தில் ஒன்பது பேர், பார்த்த ஞாபகமுள்ள ஒருவரையாவது சுட்டிக்காட்டினார்கள். சராசரியாக ஒருவருக்கு இப்படி நான்கு முகங்கள் இருந்தன. பேசிப் பழகியவர்களோ சராசரியாக இரண்டு பேர்கூட இல்லை. இது 1972இல் வெளிவந்தது.

கதை எழுதுகிறவருக்கு இந்த எண்களைவிட அதே ஆய்வில் பயணிகள் சொன்ன மற்ற விஷயங்கள்தான் முக்கியம். பேசாத அந்த முகங்களைப் பற்றி அவர்கள் மனதுக்குள் நிறையக் கற்பனை செய்திருந்தார்கள். என்ன வேலை, என்ன குடும்பம், எப்படிப்பட்ட வாழ்க்கை என்றெல்லாம் யோசித்திருந்தார்கள். இன்னொன்று இதைவிட வியப்பானது. மணி என்ன என்பது போன்ற சின்ன விஷயத்தைக் கேட்க வேண்டுமென்றால், பல வருடமாகப் பார்க்கும் முகத்தைவிட, அன்றுதான் பார்க்கும் ஆளிடம் கேட்பதே எளிதாக இருந்தது. பேசாமல் கழிந்த ஒவ்வொரு வருடமும் பேச்சைக் கடினமாக்குகிறது. இத்தனை நாள் ஏன் பேசவில்லை என்ற கேள்வி முதல் வார்த்தையோடு சேர்ந்தே வந்துவிடுகிறது அல்லவா?

மில்கிராம் இதை அக்கறையின்மை என்று பார்க்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து கடைப்பிடிக்கும் ஓர் உறவு என்றே பார்த்தார். ஒருவரையொருவர் கண்டுகொள்ளாமல் இருப்பதென்று, சொல்லாமலே இருவரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஒப்பந்தம் எங்கே உடையும் என்பதையும் அவர் சொன்னார். வழக்கமாகப் பார்த்துக்கொள்ளும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிச் சந்திக்கிறார்களோ, அவ்வளவுக்குப் பேச்சு எளிதாகும். வெளிநாட்டில் எதிர்ப்பட்டால் உடனே பேசிவிடுவார்கள். திடீர் ஆபத்திலும் உடையும். புரூக்ளினில் தெருவில் மயங்கி விழுந்த ஒரு பெண்ணுக்கு உதவ முன்வந்தவர், அதே தெருவில் அவரைப் பல வருடம் பார்த்தும் பேசியிராத இன்னொருவர். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதோடு நிற்காமல் மருத்துவமனை வரை கூடவே போனார். தனக்கு அவர்மேல் தனிப் பொறுப்பு இருப்பதாகப் பட்டது என்றார்.

ஆக, கதாசிரியருக்கு வழி கிடைத்துவிட்டது. பெட்டிக்குள் இருவரையும் பேசவிடக் கூடாது.

இதைச் சென்னையில் வைத்து எழுதிப் பார்க்கலாம். 1931இல் தொடங்கிய தாம்பரம் – கடற்கரை மின்சார ரயில் தடம் இந்தக் கதைக்கென்றே அமைந்தது போன்றது. ஒருத்தி பல்லாவரத்தில் ஏறுகிறாள், எழும்பூரில் இறங்குகிறாள். பிளாட்பாரத்தில் லேடீஸ் கம்பார்ட்மென்ட் எங்கே வந்து நிற்கும் என்று தெரிந்து, தினமும் அதே தூண் அருகில் நிற்பாள். இன்னொருத்தி தாம்பரத்திலேயே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுகிறாள், அவளும் எழும்பூர்தான். அவள் மடியில் ஒரு நாவல்.

இப்போது கணக்கு வருகிறது. தாம்பரத்திலிருந்து எழும்பூருக்குச் சுமார் நாற்பது நிமிடம். நிதானமாகப் படிப்பவர் அதற்குள் இருபது பக்கம் படிக்கிறார் என்று வைத்துக்கொண்டால், 250 பக்க நாவல் பன்னிரண்டு, பதின்மூன்று காலைகளில் முடிந்துவிடும். வேலை நாட்களில் மட்டும் பார்த்தால் இரண்டரை வாரம். ஆகவே முதல் இரண்டு வாரம் அதே புத்தகம் கையில் இருப்பதில் எந்த அதிசயமும் இல்லை. கதாநாயகிக்குச் சந்தேகம் வரவேண்டியது நான்காவது வாரத்தில். மூன்றாம் நாளே “அதே புத்தகம்!” என்று வியக்கும் கதை, படிக்கும் பழக்கமுள்ள வாசகரிடம் அங்கேயே தோற்றுவிடும்.

நான்காவது வாரம் அவள் எதைக் கவனிப்பாள்? இடது கையை. படிக்கப் படிக்க இடப்பக்கத் தாள்கள் தடிக்கும், வலப்பக்கம் மெலியும். இடப்பக்கம் தடித்து, ஒருநாள் மறுபடி மெலிந்திருந்தால், அவள் முடித்துவிட்டு முதலிலிருந்து படிக்கிறாள். அல்லது, ஒரே மாதிரி அட்டையுள்ள பல பாகங்களில் அடுத்ததைத் தொடங்கியிருக்கலாம். ஐந்து பாகமுள்ள ‘பொன்னியின் செல்வ’னைக் கையில் எடுத்தவரைத் தூரத்திலிருந்து பார்த்தால் மாதக்கணக்கில் அதே புத்தகம் போலத்தான் தெரியும். மூன்றாவது ஒன்று உண்டு. தடிமன் மாறவே இல்லை. நடுவில் செருகிய பழைய டிக்கெட் நான்கு வாரமாக அதே இடத்தில் இருக்கிறது. அப்படியானால் அவள் படிக்கவில்லை.

கதைக்கு வலு சேர்ப்பது இந்த மூன்றாவதுதான். பொது இடத்தில் புத்தகமோ செய்தித்தாளோ ஒரு மறைப்பாக வேலை செய்வதைச் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963இல் வெளியான நூலில் விளக்கியிருக்கிறார். எங்கே பார்ப்பது, யாரைப் பார்க்காமல் இருப்பது என்ற சங்கடத்திலிருந்து அது ஆளைக் காப்பாற்றுகிறது. இன்று அந்த வேலையைப் பெரும்பாலும் செல்போன் செய்கிறது. ஆனால் போனுக்கு அட்டை இல்லை, தடிமன் இல்லை. எதிரில் இருப்பவருக்கு அது எதையும் காட்டாது. இந்தக் கதையை இன்றைய காலத்தில் வைப்பவர், சுற்றிலும் எல்லோரும் போனில் இருக்க இவள் மட்டும் புத்தகம் வைத்திருப்பதை எழுதாமல் விட முடியாது.

சரி, பல்லாவரத்துக்காரி ஏன் கேட்காமல் இருக்கிறாள்? கூச்சம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது போதாது. சிகாகோவுக்கு ரயிலில் வேலைக்குப் போகிறவர்களிடம் நிக்கலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்து 2014இல் வெளியிட்டார்கள். சிலரைப் பக்கத்தில் இருப்பவரிடம் பேசச் சொன்னார்கள், சிலரைத் தனியாக இருக்கச் சொன்னார்கள். பேசியவர்களுக்கே பயணம் இனிமையாக இருந்தது. ஆனால் முன்கூட்டி ஊகிக்கச் சொன்னபோது மற்ற பயணிகள் சொன்னது நேர்மாறாக இருந்தது. பேச்சு பிடிக்காது, எதிராளிக்கும் பேச விருப்பம் இருக்காது என்றே நினைத்தார்கள். ஒவ்வொருவரும் மற்றவரை மரியாதையாக விட்டுவிடுகிறார். இது தினமும் பார்க்கும் முகங்களைப் பற்றிய ஆய்வு அல்ல என்பதை மறந்துவிடக் கூடாது. அங்கே தடை இன்னும் கனமானது.

எனவே கதையை மதுரைக்குக் கொண்டுபோகலாம். கல்யாணத்துக்குப் போன பல்லாவரத்துக்காரி, ஞாயிற்றுக்கிழமை மதுரை ஜங்ஷனில் தண்ணீர் பாட்டில் வாங்க நிற்கிறாள். பக்கத்தில் அதே முகம். புத்தகம் இல்லை, கையில் தூங்கும் குழந்தை.

“நீங்க… காலைல எலக்ட்ரிக் ட்ரெயின்ல…”

“ஆமாங்க்கா! நீங்க பல்லாவரம். போன மாசம் பை மாத்தினீங்களே, பழைய பச்சைப் பை நல்லாயிருந்துச்சு.”

கதையின் திருப்பம் இந்தப் பதில்தான். இதுவரை ஒருத்தி பார்ப்பவள், மற்றவள் பார்க்கப்படுபவள் என்று நினைத்திருந்தோம். பக்கம் திரும்பாததற்குக் காரணம் இப்போது தெரிகிறது. புத்தகத்தின் மேல் விளிம்பு வழியாக அவளும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறைந்த கணவரும் வேண்டாம், கண்ணீரும் வேண்டாம். மில்கிராம் சொன்ன ஒப்பந்தத்தில் இரண்டு பேர் உண்டு. இந்தக் கருவை எழுதுகிறவர்கள் ஒருவருக்கு மட்டுமே கண் கொடுத்துவிடுவதால்தான் கதை பலவீனமாகிறது.

மதுரையோடு முடித்துவிடலாம் என்று தோன்றும். முடிக்கக் கூடாது, திங்கட்கிழமை இருக்கிறது. அன்றைக்குப் பல்லாவரத்தில் ரயில் நிற்கும்போது பழைய மௌனத்துக்குத் திரும்ப முடியாது. பேசத் தொடங்கினாலோ இனி ஒவ்வொரு காலையும் எழும்பூர் வரை பேச்சு வேண்டும். தூக்கம் வரும் நாளிலும், வீட்டில் சண்டை நடந்த நாளிலும் வேண்டும். புத்தகம் கொடுத்த வசதி போய்விட்டது. இதை எழுதினால்தான் கதை இருவருக்கும் நியாயம் செய்யும். பல்லாவரத்துக்காரி அன்று வழக்கமான தூணை விட்டு அடுத்த பெட்டிக்கு நகரலாமா என்று யோசிக்கட்டும். யோசித்துவிட்டு அதே பெட்டியில் ஏறட்டும். தாம்பரத்துக்காரி பக்கத்துச் சீட்டில் பையை வைத்து இடம் பிடித்திருக்கட்டும். அவர்கள் பேசுவதைப் பார்த்து, மாதக்கணக்கில் இருவரையும் தனித்தனியாகக் கவனித்து வந்த பூக்காரம்மா கிண்டிக்குப் பக்கத்தில் கேட்பார்:

“ரெண்டு பேரும் சண்டை போட்டுட்டு இப்பதான் ராசியானீங்களா?”