எதிர்க்காற்றில் நடக்கும் மழை

ஜூலை, ஆகஸ்டில் ‘வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி’ என்று செய்தியில் கேட்டதும் சென்னையில் பலர் வானத்தைப் பார்ப்பார்கள். அநேகமாக ஏமாற்றம்தான். அது ஒடிசாவுக்கும் மத்தியப் பிரதேசத்துக்கும் போகிற மழை.

தென்மேற்குப் பருவக்காலத்தில் ராஜஸ்தானிலிருந்து கங்கைச் சமவெளி வழியே வடக்கு வங்கக் கடல்வரை அழுத்தம் குறைந்த ஒரு பட்டை நீண்டு கிடக்கும். அதன் கிழக்கு முனை கடலைத் தொடும் இடத்தில்தான் இவை பிறக்கின்றன. முதலில் வானில் ஒரு மேலடுக்குச் சுழற்சி வேண்டும். சில சமயம் அது தென்சீனக் கடலில் வீசி ஓய்ந்த புயலின் மிச்சமாகவே இருக்கும். கீழே கடல் 28 டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பாக இருக்கிறது. ஈரக்காற்று மேலேறி மேகமாகும்போது வெப்பம் வெளிப்படுகிறது. சூடான காற்று விரிந்து உயரத்தில் வெளியே பரவுகிறது. அதனால் கடல்மட்டத்தில் அழுத்தம் இறங்குகிறது. சில மில்லிபார் இறங்கினாலே சுற்றியுள்ள காற்று உள்ளே பாயும். பூமி சுழல்வதால் நேரே வராமல் கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். காற்றின் வேகம் மணிக்கு 31 கிலோமீட்டரை எட்டினால் அது தாழ்வு மண்டலம், 50-ஐ எட்டினால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம்.

புயலாவது அபூர்வம். இந்த மாதங்களில் கீழே மேற்குக் காற்றும், பன்னிரண்டு பதினான்கு கிலோமீட்டர் உயரத்தில் பலத்த கிழக்குக் காற்றும் அடிக்கின்றன. மேகத் தூண் நிமிர்ந்து நிற்க முடிவதில்லை.

இதைவிட வியப்பானது அதன் பயணம். தரையருகே காற்று மேற்கிலிருந்து வீச, மண்டலமோ அதற்கு எதிராக மேற்கு, வடமேற்காக நகர்கிறது. பருவக்காற்றும் மண்டலத்தின் சுழல்காற்றும் மோதிக் குவிவது மையத்தின் தென்மேற்கே என்பதால் கனமழை அங்கேதான் கொட்டும். அங்கே காற்று பலமாக மேலெழுவதால் சுழற்சியும் அந்தப் பக்கம் வலுக்கிறது. மண்டலம் மேற்கே நகர அதுவும் ஒரு காரணம். ஆகவே மையம் எங்கே என்று மட்டும் பார்த்து மழையை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார்.

2022 ஆகஸ்ட் 19 மாலை ஓர் ஆழ்ந்த மண்டலம் மேற்கு வங்கத்தின் திகா அருகே கரையேறியது. ஜார்க்கண்ட், வட சத்தீஸ்கர் வழியாக மத்தியப் பிரதேசத்துக்குள் போனது. கரையேறிய புயல் கடலின் ஈரம் கிடைக்காமல் சீக்கிரம் சாகும். இதுவோ மூன்று நாள் கழித்தும் உயிரோடிருந்தது; போபாலில் மழை கொட்டியது, சம்பல் ஆறு பெருகி ராஜஸ்தானை வெள்ளத்தில் ஆழ்த்தியது. வழியெல்லாம் நிலம் நனைந்திருந்ததும், அரபிக் கடலிலிருந்தும் ஈரம் வந்துகொண்டே இருந்ததும் அதன் ஆயுளை நீட்டின.

அந்த அரபிக் கடல் காற்று நமக்கும் கொஞ்சம் தருவதுண்டு. வடக்கே மண்டலம் வலுத்தால் மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதும் காற்றும் வலுக்கும். 2019 ஆகஸ்ட் 7-இல் ஒரு மண்டலம் ஒடிசாவின் பாலசோர் அருகே கரையேறியது. அதையொட்டிய நாட்களில் நீலகிரியின் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. மலைக்குக் கிழக்கே, கோவையைத் தாண்டிய சமவெளிக்கு வந்தது வறண்ட காற்றுதான்.